இருநூற்று முப்பது ஜிபிக்கு மாத வாடகை எவ்வளவு?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமூட்டர் ரயிலேறி கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா வங்கி அறிக்கையையும் கைப்பேசிக் கட்டணச் சீட்டையும் மேசையில் விரித்து வைத்தார்.

"தம்பி, மாசா மாசம் பன்னெண்டு வெள்ளி, எட்டு வெள்ளின்னு போய்க்கிட்டே இருக்கு. எதுக்குப் போகுதுன்னே தெரியல. ஆனா போன் மட்டும் இடமில்ல, இடமில்லன்னு சொல்லுது."

அந்த இரண்டு வரிகளுக்குள் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. கைப்பேசிக்குள் இருக்கும் இடம் வேறு. இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் கிளவுட் இடம் வேறு. கைப்பேசி நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வரும்போது பலர் கிளவுட் திட்டத்தை வாங்கிவிடுகிறார்கள். படங்கள் மேலே போய்ச் சேர்கின்றன. ஆனால் கைப்பேசியில் உள்ள அசல் அப்படியே இருக்கிறது. கூகுள் போட்டோஸில் `Free up space` என்பதையோ, ஐபோனில் `Optimize iPhone Storage` என்பதையோ இயக்கினால்தான் கைப்பேசியில் இடம் விடுபடும். இதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அக்காவின் இரண்டாவது குறை ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. முதல் குறைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

அந்த மாலை போட்ட கணக்கை இங்கே தருகிறேன். விலைகள் கம்பெனிக்குக் கம்பெனி சில காசு வித்தியாசப்படும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் ரிங்கிட்டை வட்டமாக்கிக்கொள்கிறேன்: 50 ஜிபிக்கு மாதம் 4 வெள்ளி, 100க்கு 8, 200க்கு 12, 2 டிபி, அதாவது 2,000 ஜிபிக்கு 40. உங்கள் திரையில் தெரியும் விலையை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வழி மாறாது.

என்ன போகிறது, என்ன இருக்கிறது

வீட்டில் நான்கு பேர். அக்காவும் படிவம் நான்கில் படிக்கும் மகளும் ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கிறார்கள். அத்தானிடம் ஐபோன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பையனுக்கு அக்காவின் பழைய கைப்பேசி.

அக்கா கூகுளில் 200 ஜிபிக்கு 12 வெள்ளி கட்டுகிறார். அத்தான் ஐகிளவுட்டில் 200 ஜிபிக்கு இன்னொரு 12. மகள் கூகுளில் 100 ஜிபிக்கு 8. அது அக்காவின் கைப்பேசிக் கட்டணச் சீட்டில் ஒரு வரியாக ஒளிந்திருந்தது. அத்தான் வேர்டு, எக்ஸெலுக்காக மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர் திட்டத்துக்கு மாதம் 30. மொத்தம் மாதம் 62 வெள்ளி, ஆண்டுக்கு 744.

அடுத்து, ஒவ்வொருவரும் உண்மையில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். கூகுள் கணக்குக்கு `one.google.com/storage` என்ற பக்கம் போதும். ஐபோனில் அமைப்புகளுக்குள் தம் பெயரைத் தொட்டு ஐகிளவுட்டைத் திறந்தால் வண்ணப்பட்டை ஒன்று வரும். அக்கா 118 ஜிபி, அத்தான் 71, மகள் 32, இலவச 15 ஜிபியிலேயே இருக்கும் பையன் 9. கூட்டினால் 230. அத்தானின் 365 திட்டத்தோடு 1,000 ஜிபி ஒன்டிரைவ் இடமும் வருகிறது. அதில் ஒரு கோப்புகூட இல்லை. அப்படி ஓர் இடம் தமக்கு இருக்கிறது என்பதே அத்தானுக்குத் தெரியாது.

ஆக, காசு கொடுத்து எடுத்திருக்கும் இடம் 1,500 ஜிபி. அதில் பயன்படுவது 221, நூற்றுக்குப் பதினைந்தைக்கூடத் தொடவில்லை. ஆறு அறைகளுக்கு வாடகை கட்டிவிட்டு ஓர் அறைக்குள் குடியிருப்பதைப் போன்ற நிலை இது. இப்படி ஆவதற்குக் காரணம் விலையின் வடிவத்திலேயே இருக்கிறது.

விலை ஒரு படிக்கட்டு

மின்சாரத்தையும் தண்ணீரையும் அளந்து விற்கிறார்கள். கிளவுட் இடத்தைப் படிபடியாக விற்கிறார்கள். அமெரிக்காவில் ஐகிளவுட் விலை பல ஆண்டுகளாக இப்படி இருந்து வருகிறது: 50 ஜிபிக்கு 0.99 டாலர், 200க்கு 2.99, 2,000க்கு 9.99. ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் முதல் படியில் ஏறத்தாழ 2 சென்ட், இரண்டாவதில் ஒன்றரை, மூன்றாவதில் அரை சென்ட். பெரிய படிதான் மலிவு என்று கண் சொல்லும். ஆனால் நாம் கட்டுவது படிக்கு. வைத்திருக்கும் ஜிபிக்கு அல்ல. 201 ஜிபி வைத்திருப்பவரும் 1,999 ஜிபி வைத்திருப்பவரும் ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள். 200க்கும் 2,000க்கும் நடுவே படியே இல்லை. 201வது ஜிபி நம் கணக்கில் மாதம் 28 வெள்ளி, ஆண்டுக்கு 336 வெள்ளி.

கம்பெனிகளின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். தொழில் நிறுவனங்களுக்கு அளந்து விற்கும் அமேசானின் எஸ்3 சேவையில் ஒரு ஜிபிக்கு மாதம் 0.023 டாலர் என்பது அடிப்படை விலை. அந்தக் கணக்கில் 2,000 ஜிபிக்கு 46 டாலர் ஆகும். அதே அளவை வீடுகளுக்கு 10 டாலருக்குத் தர முடிவதற்கு ஒரு முக்கியக் காரணம், வாங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை நிரப்புவதில்லை என்பது. நிரப்ப ஆரம்பித்தால் திட்டம் மாறிவிடும். எல்லையில்லா இடம் தருவதாகச் சொன்ன ஒன்டிரைவ், சிலர் 75 டிபிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லி 2015 நவம்பரில் அந்தச் சலுகையை நிறுத்தியது. கூகுள் போட்டோஸின் எல்லையற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1இல் முடிந்தது. நாம் விட்டுவைக்கும் காலி இடத்தின் மேல்தான் இந்த விலை நிற்கிறது.

ஏன் மாத வாடகை?

அத்தான் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "லோ யாட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் ஒரே தடவையோடு வேலை முடிந்தது. இவர்களுக்கு மட்டும் ஏன் சாகும்வரை கட்டவேண்டும்?"

வட்டுகளும் சாகின்றன என்பதே பதில். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் வட்டுகளில் எத்தனை பழுதாகின்றன என்று தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. 2024இல் அந்த விகிதம் 1.57 சதவீதம். நூறு வட்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு போய்விடும். வீட்டில் ஒரே ஒரு வட்டு வைத்திருப்பவருக்கு, அது போகிற ஆண்டில் எல்லாமே போய்விடும்.

கிளவுட் கம்பெனிகள் இதை ஒரு கணித உத்தியால் சமாளிக்கின்றன. மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 12, 7, 20. நான்காவது தாளில் அவற்றின் கூட்டுத்தொகை 39ஐயும் எழுதி, நான்கு தாள்களையும் நான்கு வீடுகளில் வையுங்கள். எந்த ஒரு வீட்டில் தாள் தொலைந்தாலும், மற்ற மூன்றை வைத்து அதை மீட்டுவிடலாம். பேக்பிளேஸ் ஒவ்வொரு கோப்பையும் 17 துண்டாக்கி, அதோடு இப்படிக் கணக்கிட்ட 3 துண்டுகளைச் சேர்த்து, 20 கணினிகளில் பிரித்து வைக்கிறது. எந்த மூன்று போனாலும் மீதி 17 துண்டுகளிலிருந்து முழுக் கோப்பும் திரும்பக் கிடைக்கும். இதற்கு ஆகும் கூடுதல் இடம் 18 சதவீதத்துக்குள்தான். மற்ற பெரிய கம்பெனிகளும் இதே வகைக் கணிதத்தை வெவ்வேறு எண்ணிக்கையில் பயன்படுத்துகின்றன. செத்த வட்டைக் கழற்றுவது, புதியதை மாட்டுவது, இழந்த துண்டை மீண்டும் கணக்கிட்டு எழுதுவது, இவை நாள்தோறும் நடக்கின்றன. மாத வாடகை இந்த ஓயாத பழுதுபார்ப்புக்குத்தான்.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழையில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவுக்குள் கிள்ளான் ஆற்றுப் பக்கத்து வெள்ளம் புகுந்தது. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். அலமாரியில் இருந்த கல்யாண ஆல்பமும், மேசையில் இருந்த கணினியும், அதன் பக்கத்திலேயே வைத்திருந்த வெளி வட்டும் ஒரே தண்ணீரில் மூழ்கும் சூழ்நிலை அது. வட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது அசல் இருக்கும் வீட்டிலேயே இருந்தால் ஆபத்தும் ஒன்றாகவே வரும். படங்களின் ஒரு பிரதி கிள்ளான் பள்ளத்தாக்கின் நீர்மட்டத்துக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் காசு வீணல்ல. ஆளுக்கொரு தனித் திட்டமாகக் கொடுக்கும்போதுதான் வீணாகிறது.

குளமும் குடங்களும்

குடும்பத் திட்டங்கள் இரண்டு வகை. கூகுளும் ஆப்பிளும் தருவது குளம்: ஒருவர் வாங்கும் 200 ஜிபியை வீட்டில் இன்னும் ஐந்து பேர் வரை சேர்ந்து மொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் 365 குடும்பத் திட்டம் தருவது குடங்கள்: ஆறு பேர் வரை, ஆளுக்கு 1 டிபி. ஒருவர் குடம் நிரம்பி வழிந்தாலும் மற்றவர் காலிக்குடத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

குளம் என்றதும் மகள் முகம் மாறியது. "மாமா, அப்ப என் படத்தையெல்லாம் அம்மா பார்ப்பாங்களா?" என்று கேட்டாள். பார்க்க முடியாது. பகிரப்படுவது இடத்தின் அளவுதான். ஒவ்வொருவரின் கணக்கும் கடவுச்சொல்லும் தனித்தனியாகவே இருக்கும். இந்த அச்சம் பல வீடுகளில் இரண்டு மூன்று திட்டங்களுக்குக் காசு கட்ட வைக்கிறது.

கூகுள் குளத்தில் இன்னொரு வசதி உண்டு. சேரும் ஒவ்வொருவரும் முதலில் தம் இலவச 15 ஜிபியை நிரப்புவார்கள். அதற்கு மேல் போவதுதான் குளத்திலிருந்து எடுக்கப்படும். பையனின் 9 ஜிபி குளத்தைத் தொடவே தொடாது. மகளின் 32இல் 17தான் குளத்துக்கு வரும். அவளது 8 வெள்ளித் திட்டம் அன்றே தேவையற்றதாகிவிட்டது.

அத்தானின் ஐபோன்தான் யோசிக்க வைத்தது. கூகுள் போட்டோஸ் இரண்டு வகைக் கைப்பேசியிலும் ஓடும். எனவே அவரது படங்கள் 38 ஜிபியையும் கூகுள் பக்கம் கொண்டுவரலாம். ஆனால் ஐபோனின் முழு பேக்கப்பையும் வாட்ஸ்அப் பேக்கப்பையும் கிளவுட்டில் வைப்பதென்றால் ஐகிளவுட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அதேபோல ஆண்ட்ராய்டின் வாட்ஸ்அப் பேக்கப் கூகுளுக்குத்தான் போகும். 2024லிருந்து அதுவும் 15 ஜிபிக் கணக்கில் சேர்கிறது. எவ்வளவு மலிவான மூன்றாவது கம்பெனியைத் தேடிப் பிடித்தாலும் இந்த இரண்டு கதவுகளை அது திறக்காது. விலையை ஒப்பிடுமுன் பார்க்க வேண்டிய விஷயம் இது.

அத்தானின் 71 ஜிபியைத் திறந்து பார்த்தோம். படங்கள் 38, பேக்கப் 33. அந்த 33இல் 19, நான்கு மாதத்துக்கு முன் மாற்றிய பழைய ஐபோனுடையது. பேக்கப் நின்றுபோன கருவியின் கடைசி பேக்கப்பை ஆப்பிள் 180 நாள் வரை வைத்திருக்கும். புதிய கைப்பேசியில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டு அதை அழித்தோம். மீதி 14 ஜிபிக்கு ஐகிளவுட்டின் 4 வெள்ளித் திட்டமே போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐகிளவுட் போட்டோஸை அணைத்ததும், கைப்பேசியில் உள்ள படங்கள் அத்தனையும் முழு பேக்கப்புக்குள் தானாகச் சேர்ந்துகொள்ளும். 14 ஜிபியாக இருந்தது 52 ஆகி 50ஐத் தாண்டிவிடும். மறுபடி 12 வெள்ளித் திட்டத்தை வாங்கச் சொல்லும். பேக்கப் பட்டியலுக்குள் போய் `Photo Library` என்பதை அணைத்துவைக்க வேண்டும். அதையும் படங்கள் எல்லாம் கூகுளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று உறுதிசெய்த பிறகே செய்ய வேண்டும். நாங்கள் 2019இன் தீபாவளி, 2022இன் தைப்பூசம் என்று சில தேதிகளை இரு பக்கமும் திறந்து, படங்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்தோம்.

அக்காவின் 118இல் வாட்ஸ்அப் மட்டும் 21. காலை வணக்கக் காணொளிகளும் கோயில் நிகழ்ச்சிக் காணொளிகளும்தான் அதில் பெரும்பகுதி. வாட்ஸ்அப் பேக்கப் அமைப்பில் `Include videos` என்பதை அணைத்தோம். அடுத்த பேக்கப்பில் அது 5 ஜிபிக்கு இறங்கியது. குப்பைத்தொட்டியில் கிடந்த கோப்புகள் 5 ஜிபி; அதையும் காலி செய்தோம். அழித்தது உடனே மறையாது என்பதை நினைவில் வையுங்கள். கூகுள் டிரைவ் 30 நாளும் கூகுள் போட்டோஸ் 60 நாளும் குப்பையில் வைத்திருக்கும். அதுவரை அது இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அழித்த பிறகும் எண் குறையவில்லையே என்று அவசரப்பட்டுப் பெரிய திட்டம் வாங்குபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

இப்போது குளத்தின் கணக்கு: அக்கா 97, அத்தான் 38இல் தம் 15 போக 23, மகள் 17, பையன் 0. மொத்தம் 137. குளத்தின் அளவு 200. 32 வெள்ளியாக இருந்த சேமிப்புச் செலவு 16 ஆனது.

மீதி 63 எத்தனை மாதம் வரும்?

இங்கே நிறுத்தியிருந்தால் பாதிக் கணக்குதான். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட மாதம் எவ்வளவு சேர்கிறது என்பதே அடுத்த படிக்கு எப்போது ஏறுவோம் என்பதைத் தீர்மானிக்கும்.

அக்கா வீட்டில் மாதம் ஏறத்தாழ 300 படம். ஒன்று 2 எம்பி என்றால் 0.6 ஜிபி. மின்னஞ்சல், வாட்ஸ்அப், கோப்புகள் என்று 0.4. காணொளி மாதம் பத்து நிமிடம்தான், பெரும்பாலும் அத்தான் எடுப்பது. அவரது ஐபோனின் கேமரா அமைப்பைத் திறந்து பார்த்தோம். ஒரு நிமிடக் காணொளிக்கு எவ்வளவு இடம் ஆகும் என்று ஆப்பிளே அங்கே எழுதிவைத்திருக்கிறது: 1080p, நொடிக்கு 30 சட்டம் என்றால் 60 எம்பி, 4கே, 30 சட்டம் என்றால் 170, 4கே, 60 சட்டம் என்றால் 400. அத்தானின் கைப்பேசி கடைசியில் சொன்னதில் இருந்தது.

பத்து நிமிடத்துக்கு 4 ஜிபி. மொத்தம் மாதம் 5 ஜிபி. 63ஐ 5ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மாதம். அடுத்த ஆண்டு இதே நேரம் 40 வெள்ளிப் படியில் ஏறியிருப்பார்கள். 1080p, 30 சட்டத்துக்கு மாற்றினால் பத்து நிமிடம் 0.6 ஜிபிதான். மாதம் 1.6 ஜிபி. அதே 63 ஜிபி 39 மாதம் வரும், மூன்றே கால் ஆண்டு. மேல் படிக்கு ஏறுவது 26 மாதம் தள்ளிப்போகிறது. மாதம் 28 வெள்ளி வீதம் 728 வெள்ளி. எந்தக் கம்பெனி மலிவு என்று நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத மிச்சம், கேமராவின் ஓர் அமைப்பில் கிடைத்தது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. குறைந்த தரத்தில் எடுத்ததைப் பிறகு கூட்ட முடியாது. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளும் பையனின் பள்ளி மேடை நடனமும் திரும்ப வராதவை. அப்படிப்பட்ட நாளில் 4கே, 30 சட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் திரும்ப இறக்கிவிடலாம். அன்றாடத்துக்கு 1080p என்பதே கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் தெளிவாகத் தெரியும்.

முப்பது வெள்ளி மென்பொருள்

மிச்சமிருந்தது அத்தானின் 365 திட்டம். இந்தத் திட்டத்தின் விலையில் மலேசியர்களுக்குத் தனி அனுபவம் உண்டு. 2024 அக்டோபர் இறுதியில் மைக்ரோசாஃப்ட் புதிய வசதி ஒன்றைச் சேர்த்து, தனிநபர், குடும்பத் திட்டங்களின் விலையை உயர்த்தியபோது, முதலில் அதைச் செய்த ஆறு நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அமெரிக்காவுக்கு அது 2025 ஜனவரியில்தான் போனது. அந்த வசதி இல்லாத பழைய திட்டம், ஏற்கெனவே இருந்த வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும்படியே இருந்தது. அதைத் தெளிவாகச் சொல்லாமல் சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. ரத்துசெய்யும் பக்கத்துக்குள் போனவர்களுக்குத்தான் பழைய திட்டம் கண்ணில் பட்டது என்பது அந்த ஆணையத்தின் குற்றச்சாட்டு. இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். தானாகப் புதுப்பிக்கும் எந்தத் திட்டத்திலும், ஆண்டுக்கு ஒருமுறை ரத்துசெய்யும் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பொத்தானுக்கு முந்திய திரைவரை படித்துப் பாருங்கள்.

விலையில் வரியையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகளின் இணையச் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் 6 சதவீத சேவை வரி வந்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8 சதவீதம். விளம்பரத்தில் தெரியும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கட்டண ரசீதைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது ஒன்றை வரியோடும் மற்றதை வரியில்லாமலும் எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும்.

அத்தான் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தொழில் செய்பவர். எக்ஸெலில் விலைப்புள்ளி போடுவார், வேர்டில் கோயில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவார். மகளுக்குப் பள்ளி வேலைக்கு இவை தேவை என்பதும் அவர் சந்தாவை விடாததற்கு ஒரு காரணம். ஆனால் கல்வி அமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா தளத்தின் வழியாக, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு `moe-dl.edu.my` என்று முடியும் கணக்கு உண்டு. கூகுள், மைக்ரோசாஃப்ட் கருவிகள் இரண்டும் அதில் இருக்கின்றன. மகளுக்கும் பையனுக்கும் அந்தக் கணக்குகள் ஏற்கெனவே இருந்தன. பள்ளிப் பாடம், செயல்திட்டம் எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம். குடும்பப் படங்களை மட்டும் அதில் வைக்கக் கூடாது. அது பள்ளிப் பருவத்துக்கான கணக்கு. படிப்பு முடியுமுன் வேண்டியவற்றைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அத்தானுக்கு மூன்று வழிகள் இருந்தன. உலாவியில் ஓடும் இலவச வேர்டு, எக்ஸெல் முதலாவது. கணினியில் நிறுவும் லிப்ரே ஆபிஸ் இரண்டாவது; அதற்கும் காசில்லை. சந்தாவையே ஆண்டுக் கட்டணமாக மாற்றுவது மூன்றாவது. பொதுவாக ஏறத்தாழ இரண்டு மாதக் கட்டணம் மிச்சமாகும். எதை எடுப்பது என்பதை அவரது கோப்புகளே சொல்லும். எக்ஸெல் கோப்புக்குள் மேக்ரோ, அதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் தானாக ஓடும் நிரல் இருந்தால், உலாவி எக்ஸெலில் அது ஓடாது. கோப்பின் பெயர் `.xlsm` என்று முடிந்தால் அதில் மேக்ரோ இருக்கலாம் என்று அடையாளம் காணலாம். அத்தானின் கோப்புகள் எல்லாம் `.xlsx`. உள்ளே கூட்டலும் பெருக்கலும்தான். சந்தாவை உடனே ரத்துசெய்யாமல், ஒரு மாதம் உலாவியில் மட்டும் வேலைசெய்து பார்க்கச் சொன்னேன். ஒரு விலைப்புள்ளியின் அச்சுப் பக்கம் விலகியது. ஓரத்தைச் சரிசெய்ததும் சரியானது. மாத முடிவில் 30 வெள்ளி நின்றது.

எல்லா வீட்டுக்கும் இதே முடிவு பொருந்தாது. வீட்டில் இரண்டு மூன்று பெரியவர்களுக்கு நாள்தோறும் முழு எக்ஸெல் வேண்டுமென்றால் குடும்பத் திட்டம்தான் சிக்கனம். அமெரிக்க விலையில் தனிநபர் திட்டம் ஆண்டுக்கு 99.99 டாலர், ஆறு பேருக்கான குடும்பத் திட்டம் 129.99. அதை வாங்கினால் ஆளுக்கு 1 டிபி கூடவே வந்துவிடுகிறது. படங்களையும் அதிலேயே ஏற்றிவிட்டு கூகுள் திட்டத்தை நிறுத்திவிடலாம். மென்பொருளுக்கு ஒரு திட்டம், இடத்துக்கு இன்னொரு திட்டம் என்று தனித்தனியாக யோசிக்கும்போதுதான் ஒரே பொருளை இரண்டு முறை வாங்குகிறோம்.

நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

அக்காவின் கடைசிக் கேள்வி இது. கூகுளில் கட்டணம் நின்று, வைத்திருப்பது இலவச அளவைத் தாண்டியிருந்தால், உடனே எதுவும் அழியாது. புதிதாக எதையும் ஏற்ற முடியாது. ஜிமெயில் வராது, போகாது. இரண்டு ஆண்டு அப்படியே இருந்தால் கோப்புகள் அழிக்கப்படலாம். குளத்தில் ஒரு கூடுதல் ஆபத்து: திட்டத்தை வாங்கியவரின் வங்கி அட்டை காலாவதியானால், வீட்டில் நால்வருக்கும் ஒரே நாளில் குளத்து இடம் போய்விடும். பள்ளியிலிருந்தும் வங்கியிலிருந்தும் வரும் மின்னஞ்சல் நின்ற பிறகுதான் பலருக்கு இது தெரியவரும். அட்டை மாறும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்தோம்.

இன்னொன்றையும் அக்காவிடம் அழுத்திச் சொன்னேன். கூகுள் போட்டோஸும் ஐகிளவுட் போட்டோஸும் கைப்பேசியின் கண்ணாடி போன்றவை. கைப்பேசியில் அந்தச் செயலிக்குள் தவறுதலாக அழித்த படம் கிளவுட்டிலும் அழியும். குப்பையில் இருக்கும் நாள்களுக்குள் கவனித்தால் மீட்கலாம்; தாண்டினால் எத்தனை வெள்ளி கட்டினாலும் கிடைக்காது. அதற்குத்தான் வெளி வட்டு ஒன்று வேண்டும். 300 வெள்ளிக்கு ஒன்று வாங்கி ஐந்து ஆண்டு வைத்துக்கொண்டால் மாதம் 5 வெள்ளி ஆகிறது. தைப்பூசத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கு இரு தடவை எல்லாப் படங்களையும் அதில் பிரதியெடுப்பது என்று முடிவாயிற்று.

16 வெள்ளியும் இந்த 5 வெள்ளியும் சேர்ந்து மாதம் 21. முன்பு 62. ஆண்டுக்கு 492 வெள்ளி மிச்சம். முன்பு படங்கள் ஒரே இடத்தில் இருந்தன, இப்போது இரண்டு இடத்தில் இருக்கின்றன.

வாங்கிப் பிரதியெடுத்த வட்டை எந்த அலமாரியில் வைக்கலாம் என்று அக்கா கேட்டார். அவர் வீட்டில் வேண்டாம் என்றேன். அன்றிரவு கொமூட்டரில் திரும்பும்போது அது என் பையில் இருந்தது. இப்போது பிரிக்பீல்ட்ஸில், ஒன்பதாவது மாடியில் உள்ள என் வீட்டில் இருக்கிறது. தீபாவளிக்குக் கிள்ளான் போகும்போது முறுக்கு டின்னோடு அதையும் எடுத்துப்போவேன்.